சம்பளமில்லாத நீண்ட விடுப்பு: கடிதத்துக்கு முன் நாள்காட்டி

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்து, கூடவே ஆள் இருந்தாக வேண்டிய நிலையில், தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் பொதுவாக முதலில் செய்வது எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது: "குடும்பக் காரணங்களுக்காக எனக்கு நான்கு ஐந்து மாதம் விடுப்பு வேண்டும்." பல விண்ணப்பங்கள் கெட்டுப்போவது அந்த ஒரு வரியில்தான். அதில் தேதி இல்லை, வேலையை யார் பார்ப்பார்கள் என்று இல்லை, திரும்பி வருவீர்களா என்பதும் இல்லை. படிப்பவர் "இவர் வேலையை விடப் போகிறார்" என்றே எடுத்துக்கொள்வார்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மகப்பேறுக்குச் சட்டப்படி விடுப்பு உண்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பெற்றோரையோ கணவன் மனைவியையோ கவனித்துக்கொள்ள மாதக்கணக்கில் விடுப்புத் தந்தே தீர வேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசு ஊழியர்களுக்குத் தனி விடுப்பு விதிகள் இருக்கின்றன. அது வேறு கதை. தனியாரில் இது கேட்டு வாங்குவது. கொடுக்கிறவர் உங்கள் வீட்டுக் கஷ்டத்தை எடை போடுவதில்லை. 7ஆம் தேதி கட்ட வேண்டிய வரியை யார் கட்டுவார் என்றுதான் பார்க்கிறார்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். கலா என்று ஒருவர், கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாள் வேலை, மாதச் சம்பளம் 32,000 ரூபாய். அவருக்கு மேலே ஒரு மேனேஜர், கீழே முருகன் என்ற ஜூனியர். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என ஆறு முறை கீமோ ஏற்ற வேண்டும், முதல் கீமோ ஜூலை 6 திங்கட்கிழமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் இருப்பது இரண்டு வாரம்.

ராஜினாமாவா, விடுப்பா?

"வேலையை விட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொந்தபந்தம் சொல்லும். சொல்லட்டும். பெரும்பாலான கம்பெனிகளில் குரூப் இன்ஷூரன்ஸ் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் அம்மாவின் பெயர் இருந்தால், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே காப்பீடு போய்விடும். நோய் கண்டறியப்பட்ட பிறகு வெளியில் புதிதாகப் பாலிசி எடுத்து அந்தச் செலவை ஈடுகட்டுவது நடக்காத காரியம். பணிக்கொடைக்கான வருடக் கணக்கும் புது வேலையில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அனுமதி பெற்ற விடுப்பு, சம்பளம் இல்லாததாக இருந்தாலும், பணிக்கொடைக்கான தொடர் பணியை முறிப்பதில்லை. அதனால் விடுப்பு முற்றிலும் மறுக்கப்பட்ட பிறகுதான் ராஜினாமாவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள்

"நான்கைந்து மாதம்" என்று கேட்கக் கூடாது. சிகிச்சை அட்டவணையிலிருந்து நாளை எடுக்க வேண்டும். கலாவின் கணக்கு இப்படி வரும்: கீமோ ஜூலை 6, ஜூலை 27, ஆகஸ்ட் 17, செப்டம்பர் 7, செப்டம்பர் 28, அக்டோபர் 19. கடைசி கீமோவுக்குப் பிறகு உடம்பு தேற மூன்று வாரம் என்றால் நவம்பர் 9. இத்தோடு நிறுத்திக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை உண்டு. வெள்ளையணு எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். ஆறு முறையில் இரண்டு தடவை அப்படித் தள்ளிப்போகும் என்று வைத்து இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக ஜூலை 6 முதல் நவம்பர் 22 வரை விடுப்பு, நவம்பர் 23 திங்களன்று வேலையில் சேர்வது. மொத்தம் 20 வாரம்.

அந்தத் திங்கட்கிழமை தானாக அமைந்தது அல்ல. ஜி.எஸ்.டி. கணக்கு 20ஆம் தேதியோடு முடிந்திருக்கும். அடுத்த பெரிய கெடு டிசம்பர் 7. திரும்பி வருகிறவருக்கு இரண்டு வாரம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. உங்கள் வேலை எதுவானாலும் அதில் இப்படி ஒரு அமைதியான இடைவெளி இருக்கும். சேரும் தேதியை அங்கே வையுங்கள். மாத முதல் தேதியில் சேர்கிறேன் என்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் கணக்குப் பிரிவில் அதைவிட மோசமான நாள் கிடையாது.

டாக்டரிடம் வாங்கும் சான்றில் நோயின் முழு விவரம் தேவையில்லை. "நோயாளிக்கு இந்தத் தேதியிலிருந்து சுமார் 20 வாரம் சிகிச்சை, 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு சுற்று, உடனிருந்து கவனிக்க ஒருவர் தேவை" என்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் இருந்தால் போதும். பயாப்சி ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் எச்.ஆருக்கு அனுப்பாதீர்கள். கேட்டால் சிகிச்சைச் சான்றைத் தாண்டி எதற்குத் தேவை என்று எழுத்தில் கேளுங்கள்.

பணம் எப்போது நிற்கும், எப்போது வரும்

இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். கலாவிடம் 18 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. முழுவதையும் தீர்த்த பிறகுதான் சம்பளமில்லாத விடுப்பான எல்.ஓ.பி. என்று சில கம்பெனிகளில் விதி இருக்கும். இல்லாவிட்டால் ஆறு நாளையாவது கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் அம்மாவை பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும். 12 நாளை முதலில் பயன்படுத்தினால் ஜூலை 18 வரை போகும், எல்.ஓ.பி. ஜூலை 20இல் தொடங்கும்.

ஜூலைச் சம்பளம் எவ்வளவு என்பது கம்பெனி எந்த எண்ணால் வகுக்கிறது என்பதைப் பொறுத்தது. மாதத்தின் மொத்த நாளான 31ஆல் வகுத்து 19 நாளுக்குக் கொடுத்தால் 19,613 ரூபாய். 26 வேலை நாள் கணக்கு என்றால் 11 வேலை நாள் பிடித்தம் போக 18,462 ரூபாய். எது வழக்கம் என்று சம்பளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈட்டிய விடுப்புக்கும் எல்.ஓ.பி.க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் சேரும் என்பதையும் கேளுங்கள். மேலே உள்ள 31 நாள் கணக்கில் ஜூலை 19 ஞாயிறு சம்பளநாளாக எண்ணப்பட்டிருக்கிறது. சில கம்பெனிகள் அதையும் எல்.ஓ.பி.யில் தள்ளிவிடும்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் பூஜ்யம். நவம்பரில் 8 நாள் சம்பளம், சுமார் 8,533 ரூபாய். அடுத்த முழுச் சம்பளம் டிசம்பர் கடைசியில். 20 வார விடுப்பு என்றாலும் வீட்டுச் செலவுக்கான பள்ளம் ஜூலைக் கடைசி முதல் டிசம்பர்க் கடைசி வரை, ஐந்து மாதம் நீள்கிறது. கடன் தவணைகளை இந்த ஐந்து மாதத்துக்குக் கணக்குப் போட்டு வையுங்கள்.

அதோடு சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தவை இருக்கின்றன. பெற்றோர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதம் 1,400, கம்பெனிக் கடன் தவணை 2,500 என்றால், சம்பளமே இல்லாத மூன்று மாதத்துக்கு 11,700 ரூபாய் எங்கிருந்து பிடிப்பார்கள்? முடிவு செய்யாமல் போனால் திரும்பி வந்த மாதத்தில் மொத்தமாகப் பிடித்து, அந்த 8,533 ரூபாயும் கைக்கு வராது. பிரீமியத்தை முன்கூட்டியே வங்கி வழியாகக் கட்டிவிடுகிறேன், கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவையுங்கள் என்று கேளுங்கள். பிரீமியத்தை மட்டும் தள்ளிவைக்கக் கேட்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குரூப் பாலிசி வருடா வருடம் புதுப்பிக்கப்படும். பெற்றோரைச் சேர்க்க அப்போது சில நாள் மட்டும் ஒரு போர்ட்டல் திறந்திருக்கும். அழைப்பு அலுவலக மின்னஞ்சலுக்குத்தான் வரும். விடுப்பில் இருப்பவர் அதைப் பார்க்க மாட்டார், அந்த வருடம் அம்மாவின் பெயர் விடுபட்டுப் போகும். புதுப்பிக்கும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த மின்னஞ்சலைச் சொந்த முகவரிக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் சம்பளம் இல்லாத மாதத்துக்குப் பங்களிப்பு இருக்காது, ஏற்கனவே இருக்கும் தொகைக்கு வட்டி ஓடும். மாதாந்திரக் கணக்குத் தாக்கலில் உங்கள் பெயருக்கு நேரே பங்களிப்பு இல்லாத நாள்கள் என்று காட்ட வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் காணவில்லையே என்று சம்பளப் பிரிவு ஆள் அவசரப்பட்டு Date of Exit போட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் போட்டால் நீங்கள் வேலையை விட்டவராகப் பதிவாகிவிடும், திருத்த அலைய வேண்டும். மாதம் ஒரு முறை உங்கள் யு.ஏ.என். கணக்கில் நுழைந்து பணி விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலா மாதிரி 21,000க்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற ஒவ்வொரு அரையாண்டிலும் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால்தான் பின்னால் வரும் அரையாண்டில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஜூலை 6இல் போய் நவம்பர் 23இல் திரும்பினால் இரண்டு அரையாண்டிலும் 78ஐத் தாண்டிவிடும். அதே 20 வாரத்தை மே முதல் தேதி தொடங்கினால் முதல் அரையாண்டு அடிபடும்.

வங்கிக் கணக்கு: மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் பல வங்கிகள் சம்பளக் கணக்கைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிக் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் பிடிக்கும். அவ்வளவுதான், தெரிந்திருந்தால் போதும்.

வேலையை யார் பார்ப்பது

விண்ணப்பத்தின் உயிர் இதில் இருக்கிறது. "முருகன் பார்த்துக்கொள்வார்" என்று எழுதினால் மேனேஜருக்கு நம்பிக்கை வராது, முருகனுக்குக் கோபம் வரும். ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலையைப் பட்டியலாக அல்லாமல் தேதியாக எழுதுங்கள். கலாவின் மாதம் இப்படி இருக்கும்:

- 7ஆம் தேதி: டி.டி.எஸ். கட்டுதல்
- 11: GSTR-1 தாக்கல்
- 15: பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுதல்
- 20: GSTR-3B தாக்கல்
- வாரா வாரம் வியாழன்: சப்ளையர் பேமெண்ட்
- ஜூலை 31, அக்டோபர் 31: டி.டி.எஸ். காலாண்டு அறிக்கை
- செப்டம்பர் 30: வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு

கடைசி வரியைப் பார்த்ததும் மேனேஜர் என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்: "ஆடிட் நேரத்துல நீங்க இல்லேன்னா எப்படிம்மா?" அந்தக் கேள்வி வரும் முன்பே பதில் தாளில் இருக்க வேண்டும். ஆடிட்டருக்கு எல்லாக் கோப்பும் ஒரே நாளில் தேவைப்படாது. முந்தைய வருடம் ஆடிட்டர் கேட்ட பட்டியலை எடுங்கள். வங்கி ஒத்திசைவு, கடன்காரர் கடனாளி பட்டியல், சொத்துப் பதிவேடு, டி.டி.எஸ். சலான் தொகுப்பு என்று வரும். அதில் மார்ச் 31 வரைக்குமான எதெல்லாம் போவதற்கு முன் முடித்துக் கொடுக்க முடியும் என்று குறியுங்கள். மீதிக்கு யார் என்று எழுதுங்கள். முடிக்க முடியாததையும் மறைக்காமல் எழுதுங்கள். "இருப்புச் சரக்கு மதிப்பீடு என்னால் முடிக்க இயலாது, ஸ்டோர்ஸும் ஆடிட்டரின் உதவியாளரும் சேர்ந்து செய்ய வேண்டும்" என்று நீங்களே சொன்னால் மற்ற வரிகளை நம்புவார்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு பெயர் வையுங்கள், செய்கிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் ஒருவர். இரண்டும் முருகனாக இருக்கக் கூடாது. கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை என்றால் பகுதி நேரக் கணக்காளர் ஒருவரை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லுங்கள். உங்களுக்குக் கொடுக்காத சம்பளத்திலேயே அதற்கான பணம் இருக்கிறது. இதை மேனேஜர் தன் மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்ளட்டும், நீங்கள் அதிகம் அழுத்த வேண்டாம்.

மறந்துபோவது பெரும்பாலும் சாவிதான், வேலை அல்ல. ஜி.எஸ்.டி. தளத்தில் கையொப்ப அதிகாரியின் இடத்தில் கலாவின் மொபைல் எண் கொடுக்கப்பட்டிருக்கலாம்; ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். ஜூலை 20 மாலை கலா வீட்டில் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து முருகனுக்கு ஆறு இலக்கம் வாசித்துக்கொண்டிருப்பார். அந்த எண்ணையும் மின்னஞ்சலையும் தளத்திலேயே மாற்றலாம், ஆனால் பழைய எண் கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். டைரக்டரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன் யார் மேஜை டிராயரில் கிடக்கிறது? நீங்கள் இல்லாத நாள்களில் அது காலாவதியாகுமா? டோக்கனை டைரக்டரிடமே கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கிதான் எல்லாவற்றிலும் மெதுவானது. கம்பெனி நெட்பேங்கிங்கில் பேமெண்ட் போடுகிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் ஒருவர் என்று இருக்கும். போடுகிறவர் இடத்தில் புதியவரைச் சேர்க்கக் கடிதம், பல வங்கிகளில் போர்டு தீர்மானம், அடையாள ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள், ஒரு வாரம் போய்விடும். அதனால் அனுமதி உறுதியானதும் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான். பாஸ்வேர்டை முருகனிடம் சொல்லிவிட்டுப் போவது சுலபமாகத் தோன்றும். செய்யாதீர்கள். நீங்கள் மருத்துவமனையில் இருந்த நாளில் உங்கள் பெயரில் போன தவறான பேமெண்டுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒப்படைக்கும் முறையில் ஒரு சின்ன ஒழுங்கு உதவும். முதல் வாரம் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் அவர் செய்யட்டும், நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே நின்றாரோ அதை மட்டும் குறிப்பில் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதிய நாற்பது பக்கக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. "இந்த இரண்டு சப்ளையர் பில்லில் மட்டும் வரி விகிதம் மாறும், ஏன் என்றால்…" என்ற அரைப் பக்கம் காப்பாற்றும். கலாவின் நிலையில் ஜூலை 7க்கான டி.டி.எஸ்.ஸை 4ஆம் தேதி சனிக்கிழமையே கட்டிவிட்டுப் போவது நல்லது. போன மறுநாளே ஒரு கெடுவை ஜூனியர் தலையில் வைக்க வேண்டாம்.

முதலில் பேச்சு, பிறகு கடிதம்

மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள். எச்.ஆருக்குப் போன மின்னஞ்சல் வழியாக அவருக்குத் தெரியவந்தால் மனக்கசப்போடு தொடங்கும். கூட்டம் முடிந்து நகரும் நேரத்தில் வேண்டாம், அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் விஷயம், தேதி; பிறகு அந்தத் தாள்.

"சார், அம்மாவுக்கு ஜூலை 6லேர்ந்து கீமோ. மூணு வாரத்துக்கு ஒண்ணு, ஆறு தடவை. நவம்பர் 23 வேலைக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் ஒவ்வொரு தேதிக்கும் யார் பார்க்கலாம்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். இதுல எது சரியா வராதுன்னு நீங்க சொல்லுங்க."

கடைசி வாக்கியம் முக்கியம். "கொடுப்பீர்களா மாட்டீர்களா" என்ற கேள்வியைத் தவிர்த்து, திட்டத்தைத் திருத்தும் வேலைக்கு அவரை இழுக்கிறது. முருகனிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மேனேஜர் வழியாகத்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அனுமதி வரும் முன் முழு ஒப்படைப்பைத் தொடங்க வேண்டாம்.

20 வாரம் முடியாது என்று சொன்னால் என்ன செய்வது? மாற்று ஒன்றைப் பையில் வைத்திருங்கள், ஆனால் நீங்களாக முதலில் எடுக்காதீர்கள். கீமோ ஏற்றிய பிறகு 7 முதல் 14 நாளுக்குள்தான் பொதுவாக வெள்ளையணு மிகக் குறைந்து காய்ச்சல், தொற்று ஆபத்து கூடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வாரம் விடுப்பு, மூன்றாம் வாரம் வேலை என்று பேசலாம். மூன்றாம் வாரம் எல்லாச் சுற்றிலும் 20ஆம் தேதியை ஒட்டி வராது என்பதையும் கணக்கில் எடுங்கள். கலாவின் அட்டவணையில் முதல் சுற்றின் மூன்றாம் வாரம் ஜூலை 20 முதல் 25, அது பொருந்துகிறது. இரண்டாம் சுற்றில் ஆகஸ்ட் 10 முதல் 15, அங்கே 11ஆம் தேதி கிடைக்கும், 20 கிடைக்காது. அண்ணன் தம்பி யாராவது பங்கு எடுக்க முடிந்தால்தான் இது நடைமுறைக்கு வரும். வீட்டிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சம்பளமில்லாத விடுப்பில் இருந்துகொண்டு நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் வேலை பார்ப்பதில்தான் அது முடியும்.

பேசி முடித்த அன்றே கடிதம் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவாக இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய ஐயா,

என் தாயாருக்கு ஜூலை 6 முதல் ஆறு சுற்று கீமோ சிகிச்சை அளிக்கப்படவிருக்கிறது. உடனிருந்து கவனிக்க வேண்டியிருப்பதால் ஜூலை 6 முதல் நவம்பர் 22 வரை விடுப்பு வேண்டுகிறேன். இதில் முதல் 12 வேலை நாளை ஈட்டிய விடுப்பாகவும், மீதியைச் சம்பளமில்லாத விடுப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கோருகிறேன். நவம்பர் 23 திங்களன்று தற்போதைய பொறுப்பிலேயே பணிக்குத் திரும்புவேன்.

என் பணிகளைத் தேதிவாரியாகப் பிரித்து, பொறுப்பேற்பவர் பெயருடன் இணைத்திருக்கிறேன். ஒப்படைப்பை ஜூலை 4க்குள் முடிப்பேன். விடுப்புக் காலத்தில் குழு மருத்துவக் காப்பீடு தொடர, அதற்கான பிரீமியத்தை முன்கூட்டியே செலுத்தச் சம்மதிக்கிறேன். சிகிச்சை தள்ளிப்போய் தேதி மாற வேண்டிவந்தால், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பேன்.

இணைப்பு: மருத்துவரின் சான்று, பணிப் பகிர்வு அட்டவணை."

கெஞ்சலும் வேண்டாம், நீண்ட நோய் வரலாறும் வேண்டாம்.

பதிலில் என்ன இருக்க வேண்டும்

"சரிம்மா, போய்ட்டு வாங்க" என்பது அனுமதி அல்ல. மேனேஜர் மாறிவிட்டால் அந்த வார்த்தைக்குச் சாட்சி இல்லை. எச்.ஆரிடமிருந்து எழுத்தில் வரும் பதிலில் தொடங்கும் தேதி, சேரும் தேதி, எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு, எத்தனை நாள் எல்.ஓ.பி., காப்பீடு தொடரும் என்ற வரி, அதே பொறுப்புக்குத் திரும்புவீர்கள் என்ற வரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிக்கடி விடுபடுவது கடைசி இரண்டும். விடுபட்டால் சண்டை வேண்டாம். "நாம் பேசியபடி காப்பீடும் தற்போதைய பொறுப்பும் தொடரும் என்று புரிந்துகொள்கிறேன், மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று நன்றி மின்னஞ்சலோடு எழுதிவிடுங்கள். நகலைச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். அலுவலகக் கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் தானாக மூடப்படலாம். வருடாந்திரச் சம்பள உயர்வுக்குக் குறைந்தபட்ச வேலை நாள் என்று விதி இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு அது விடுப்பு நாள் அளவுக்கு நீளும் என்பதுதான் வழக்கம்.

விடுப்பில் இருக்கும்போது

தொடர்புக்கு ஒரு நேரத்தை மட்டும் சொல்லுங்கள். உதாரணமாகப் புதன்கிழமை மாலை அரை மணி நேரம், முருகனின் கேள்விகள் ஒரே பட்டியலாக வரட்டும். கீமோ நாளிலும் மறுநாளும் அழைக்க வேண்டாம் என்று தேதிகளையே கொடுத்துவிடுங்கள்.

தேதி தள்ளிப்போவதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் முறை ஒரு வாரம் தள்ளினால் மேனேஜருக்கு ஒரு தகவல் மட்டும். கூடுதலாக வைத்த இரண்டு வாரம் அதைத் தாங்கும். இரண்டாம் முறையும் தள்ளினால் அந்த இருப்பு தீர்ந்துவிட்டது. மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் அன்றே நீட்டிப்பு தேவைப்படலாம் என்று எழுதி, டாக்டரின் புதிய அட்டவணையை இணையுங்கள். நீட்டிப்புக்குப் பதில் வராமல் இருக்கும்போது, "கேட்டுவிட்டேனே" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. தொழில் நிறுவனங்களின் பணி விதிகளுக்கான 1946ஆம் வருட நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதியில், விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் திரும்பித் தகுந்த விளக்கம் தராதவர் தன் பணியிட உரிமையை இழப்பார் என்று இருந்தது. பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் அதே வாசகம் உண்டு. பதில் வரவில்லையென்றால் ஒரு நாளாவது நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

திரும்பி வருதல்

அக்டோபர் 19இல் கடைசி கீமோ முடிந்தால், நவம்பர் 9 வாக்கில் எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் "23இல் சேர்கிறேன்" என்று உறுதி செய்யுங்கள். அலுவலகக் கணக்கைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் முழுக்கப் பாஸ்வேர்டுக்காக ஐ.டி. பிரிவு வாசலில் நிற்பதைத் தவிர்க்கலாம்.

முதல் வாரம் எந்த வேலையையும் திரும்ப வாங்க வேண்டாம். முருகன் வழக்கம்போலச் செய்யட்டும். நீங்கள் நான்கரை மாதக் கணக்கைப் படியுங்கள். வங்கி ஒத்திசைவு, ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிப் பொருத்தம், சப்ளையர் பாக்கி மூன்றையும் மாதவாரியாகப் பாருங்கள். பிழை கண்ணில் பட்டால் உடனே திருத்தாமல் முருகனோடு உட்கார்ந்து ஏன் அப்படிப் போட்டார் என்று கேளுங்கள். மேனேஜர் சொன்னதால் போட்டிருக்கலாம். இரண்டாம் வாரம் வியாழன் பேமெண்டையும் டிசம்பர் 7 டி.டி.எஸ்.ஸையும் வாங்கிக்கொள்ளுங்கள். GSTR-1, GSTR-3B இரண்டையும் டிசம்பரில் அவர் ஒரு முறை உங்கள் பார்வையில் செய்து முடித்த பிறகு ஜனவரியில் எடுத்தால் போதும். ஏதாவது ஒரு வேலையை முருகனிடமே விட்டுவிடுவதும் நல்லது. அவர் நன்றாகச் செய்ததைப் பிடுங்கினால் அடுத்த முறை யாரும் உங்களுக்காகக் கை நீட்ட மாட்டார்கள்.

வங்கி அனுமதி, ஜி.எஸ்.டி. தள மொபைல் எண் இரண்டையும் உடனே மாற்றிக்கொள்ளத் துடிக்காதீர்கள். பொது எண் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

நவம்பர்ச் சம்பளச் சீட்டு வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். சம்பள நாள் 8 என்று இருக்கிறதா? முன்கூட்டிக் கட்டிய பிரீமியத்தை மறுபடி பிடித்திருக்கிறார்களா? மீதி 6 நாள் ஈட்டிய விடுப்பு இருப்பில் தெரிகிறதா? வருமான வரிப் பிடித்தம் 12 மாதச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்பட்டிருக்கிறதா, இல்லை குறைந்த வருட வருமானத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா? கடைசி இரண்டில் தவறு இருந்தால் டிசம்பர் சம்பளப் பட்டியல் மூடும் தேதிக்கு முன் சொல்லிவிடுங்கள். பல கம்பெனிகளில் அது 20 முதல் 25ஆம் தேதிக்குள் வந்துவிடும்.